நன்றியுரை முடிந்தது, கூட்டம் முடியவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து நன்றி சொன்னவன் நான்தான். அதனால் இதில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

சென்னையின் தெற்குப் புறநகரில் 84 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. உரிமையாளர் சங்கம், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. எங்கள் பைலாவின்படி ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கான கோரம், மூன்றில் ஒரு பங்கு, அதாவது 28 பேர். தலைவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமை ஆசிரியை. எல்லோருக்கும் அவர் 'மேடம்'. நான் இணைச் செயலாளர். வரவேற்புரையையும் நன்றியுரையையும் யார் தலையிலாவது கட்ட வேண்டும் என்றால் அந்தத் தலை இணைச் செயலாளருடையதுதான். பெரும்பாலான சங்கங்களில் இதுதான் நடக்கிறது.

காலை பத்தரை மணிக்குக் கூட்டம். வருகைப் பதிவேட்டில் 46 கையெழுத்து. அஜெண்டாவில் எட்டுப் பொருள்கள். சென்ற ஆண்டு மினிட்ஸ், செயலாளர் அறிக்கை, வரவு செலவுக் கணக்கு, பராமரிப்புக் கட்டண உயர்வு, விளையாட்டு இடம் பற்றிய ஆலோசனை, ஆடிட்டர் நியமனம், தலைவர் அனுமதியுடன் பிற பொருள், கடைசியாக நன்றியுரை. முதல் மூன்றும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. நான்காவதுதான் நேரத்தைப் பிடித்துக்கொண்டது. சதுர அடிக்கு 2 ரூபாய் 75 பைசாவாக இருந்ததை 3 ரூபாய் 25 பைசாவாக்குவது பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கை தூக்கச் சொல்லி எண்ணியபோது ஆதரவு 29, எதிர்ப்பு 15, இரண்டு பேர் கை தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் பின் வரிசையில் முகங்கள் இறுகிப் போயிருந்தன.

ஐந்தாம் பொருளில் முடிவு எதுவும் எடுக்கவில்லை, கமிட்டி பார்க்கட்டும் என்று விட்டார்கள். அதற்குள் மணி ஒன்று தாண்டிவிட்டது. சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பெரிய பாத்திரங்களில் வந்து இறங்கிவிட்டன. மூடியைத் திறந்து பார்த்த சமையல்காரர்தான் அன்று கூட்டத்தை முடித்துவைத்தார் என்று நாங்கள் பின்னால் பேசிக்கொண்டோம். செயலாளர் என் பக்கம் குனிந்து, "சார், ஜனம் எழுந்துக்கறதுக்குள்ள நன்றியைச் சொல்லிடுங்க" என்றார். ஆறாம் பொருள் பாக்கி இருப்பதை அவரும் மறந்தார், நானும் மறந்தேன். மேடம் அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நான் பேசியது நாலரை நிமிடம். யாரோ கைபேசியில் பதிவு செய்திருந்தார்கள், அதனால் சொல்லுக்குச் சொல் இருக்கிறது. அதில் இந்த ஆய்வுக்கு வேண்டிய பகுதி இவ்வளவுதான்:

"காலையிலிருந்து பொறுமையாக அமர்ந்து அனைத்துத் தீர்மானங்களையும் ஒருமனதாக நிறைவேற்றித் தந்த உறுப்பினர்களுக்கு முதற்கண் என் நன்றி. தனி ஒருவராக நின்று கட்டண உயர்வைச் சாதித்துக் காட்டிய நம் தலைவர் அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அவருடைய முயற்சியால் குழந்தைகளின் விளையாட்டு இடமும் அடுத்த மாதமே தயாராகிவிடும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." இதன் பிறகு மைக் செட், நாற்காலி, சமையல், செக்யூரிட்டி, எலக்ட்ரீஷியன் என்று பதினான்கு நன்றிகள். கடைசியாக, "இத்துடன் இக்கூட்டம் இனிதே நிறைவுற்றது."

கைத்தட்டல். நாற்காலிகள் கிறீச்சிட்டன. அப்போதுதான் மேடம் நிமிர்ந்து, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், ஆடிட்டர் நியமனம் இருக்கு, உக்காருங்க" என்றார். மைக் என் கையில் இருந்தது. முன் வரிசைக்கு மட்டும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தவர்களோடு சேர்த்துப் பதினேழு பேர். அந்தப் பதினேழு பேரும் கை தூக்கி ஆடிட்டரை நியமித்தார்கள். மற்றவர்கள் தட்டோடு நின்றிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து, எதிர்த்து வாக்களித்த 15 பேரில் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பி பிளாக். கோபம் எதுவும் இல்லாத இரண்டு பத்திக் கடிதம். மினிட்ஸில் நாலாம் பொருளின் கீழ் 29க்கு 15 என்று இருக்கிறது, எட்டாம் பொருளின் கீழ் அனைத்துத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின என்று இருக்கிறது, இரண்டில் எது உண்மை என்பது முதல் கேள்வி. கூட்டம் நிறைவுற்றது என்று மைக்கில் அறிவித்த பிறகு, 28 பேர் இல்லாத அவையில், ஆடிட்டரை நியமித்தது செல்லுமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில் எளிது, அவமானமும் எளிது. மினிட்ஸ் எழுதிய செயலாளர், என் நன்றியுரையின் முதல் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார். ஒரே பதிவேட்டில், ஒரே கூட்டத்துக்கு, இரண்டு விதமான முடிவு. 'ஒருமனதாக' என்பது மேடைத் தமிழில் 'அன்புடன்' மாதிரி ஓர் ஒட்டுச்சொல்லாகிவிட்டது. பதிவேட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. பதினைந்து பேர் கை தூக்கியதை நான் ஒரு மரியாதைச் சொல்லால் அழித்திருந்தேன்.

இரண்டாவது கேள்விதான் எங்களை உட்கார வைத்தது. கூட்டத்தை முடிக்கும் அதிகாரம் யாருக்கு?

இதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இங்கிலாந்து வழக்கு உண்டு. பொதுக்கூட்ட நடைமுறை படிப்பவர்கள் எல்லோரும் படிப்பது. 1894இல் நேஷனல் ட்வெல்லிங்ஸ் சொசைட்டிக்கும் சைக்ஸ் என்பவருக்கும் நடந்தது. ஒரு கம்பெனியின் பொதுக்கூட்டத்தில், வேலை இன்னும் மிச்சம் இருக்கும்போதே தலைவர் கூட்டம் கலைந்தது என்று அறிவித்துவிட்டு நாற்காலியை விட்டுப் போய்விட்டார். இருந்த பங்குதாரர்கள் வேறொருவரைத் தலைவராக்கிக்கொண்டு கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். அது சரியா என்று கேட்டபோது நீதிபதி சிட்டி சொன்னதன் சாரம் இது: ஒழுங்கைக் காப்பதும், அவையின் கருத்து என்ன என்பது சரியாகத் தெரியும்படி பார்ப்பதும் தலைவரின் கடமை, ஆனால் தன் இஷ்டத்துக்குக் கூட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் அப்படிப் போனால், கூடியதன் வேலையை முடிக்க அவையே இன்னொருவரைத் தேர்ந்தெடுத்துத் தொடரலாம்.

தலைவருக்கே இல்லாத அதிகாரம் நன்றி சொல்லும் இணைச் செயலாளருக்கு எப்படி இருக்கும்? அந்த வகையில் பார்த்தால், நான் 'இனிதே நிறைவுற்றது' என்று சொன்னதால் கூட்டம் நிறைவுறவில்லை. அஜெண்டாவில் பொருள் பாக்கி இருந்தது, தலைவர் நாற்காலியில் இருந்தார், கூட்டம் உயிரோடுதான் இருந்தது. எங்கள் கமிட்டியில் ஒருவர் இதையே வாதமாக வைத்து, கடிதத்துக்குப் பதில் எழுதிவிடலாம் என்றார்.

ஆனால் உயிரோடு இருந்த கூட்டத்தில் ஆள் இல்லையே. என் வாக்கியம் சட்டப்படி கூட்டத்தை முடிக்கவில்லை, நடைமுறையில் 29 பேரை வெளியே அனுப்பிவிட்டது. அவர்கள் போனது அலட்சியத்தால் அல்ல, முடிந்துவிட்டது என்று மேடையிலிருந்து சொன்னதை நம்பித்தான். கோரம் தொடக்கத்தில் இருந்தால் போதுமா, கடைசிவரை இருக்க வேண்டுமா என்பதைப் பற்றி எங்கள் பைலா வாய் திறக்கவில்லை. கம்பெனிகளுக்கு இந்தச் சந்தேகம் இல்லை. இந்தியக் கம்பெனிச் செயலாளர்கள் நிறுவனம் வகுத்திருக்கும், எஸ்எஸ்-2 என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொதுக்கூட்டச் செயல்முறைத் தரம், கோரம் கூட்டம் முழுவதும் இருக்க வேண்டும் என்கிறது. அது எங்களைப் போன்ற சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதைப் படித்த பிறகு, பதினேழு பேர் தூக்கிய கையைக் காட்டி வாதாட மேடத்துக்கு மனம் வரவில்லை. "நாமளே ஆள அனுப்பிட்டு, நாமளே இருக்கறவங்களை வச்சு ஓட்டு எடுத்தோம்னு சொன்னா நல்லாவா இருக்கு?" என்றார். சிறப்புப் பொதுக்குழு கூட்டுவதென்று முடிவானது. 84 வீட்டுக்கும் மறுபடி நோட்டீஸ், மறுபடி 21 நாள், மறுபடி நாற்காலி வாடகை. ஆடிட்டர் நியமனத்தை அங்கே முறையாக எடுத்தோம். சென்ற கூட்டத்தின் மினிட்ஸில் எட்டாம் பொருளில் இருந்த 'ஒருமனதாக' என்ற வாக்கியத்தை அடித்துத் தலைவர் அருகில் சுருக்கொப்பமிட்டார். அந்தத் திருத்தத்தையும் ஒரு தீர்மானமாகவே பதிவு செய்தோம்.

ஆடிட்டர் விஷயம் இப்படித் தீர்ந்தது. மற்ற இரண்டு வாக்கியங்களின் கேடு தீர நாளானது. 'அடுத்த மாதமே தயாராகிவிடும்' என்றேன் அல்லவா? அவை அப்படி எதையும் முடிவு செய்யவில்லை. ஆனால் மைக்கில் சொன்னது, அதுவும் கமிட்டிக்காரன் சொன்னது, வாக்குறுதிதான். நான்கு மாதம் வரை லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "சார், ஊஞ்சல் எப்ப வருது?" என்று கேட்டார்கள். 'தனி ஒருவராக நின்று சாதித்தார்' என்பது அதைவிட மோசம். தலைவரின் வேலை இரு பக்கமும் பேசவைத்து, எண்ணி, முடிவைச் சொல்வது. கட்டண உயர்வு அவர் சாதனை என்று நான் புகழ்ந்தபோது, நடுவரைப் பார்த்து 'நீங்கள்தான் எங்கள் அணியை ஜெயிக்க வைத்தீர்கள்' என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. தோற்ற பதினைந்து பேரும் அதைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் நன்றியுரை என்கிறோம். அது உரை என்று ஆனதும், கோயில் விழாவிலும் நூல் வெளியீட்டிலும் பேசுவதுபோல ஆள் ஆளாகப் பெயர் சொல்லி, கடைசியில் நாட்டுப்பண் என்று முடிக்கிறோம். ஆங்கிலத்தில் அதன் பெயர் வோட் ஆஃப் தேங்க்ஸ். உள்ளே ஒரு வாக்கு இருக்கிறது. பொதுக்கூட்ட மரபில் அது ஒரு தீர்மானம்: 'இக்கூட்டத்தை நடத்தித் தந்த தலைவருக்கு இந்த அவை நன்றி தெரிவிக்கிறது.' ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அவையிடம் அது வைக்கப்படும், கைத்தட்டலால் ஏற்கப்படும். நன்றி சொல்வது பேச்சாளர் அல்ல, அவை. பேச்சாளர் அவைக்காகப் பேசுகிறார். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே விலகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவை முழுவதும் ஒப்புக்கொள்ளக்கூடியதை மட்டும்தான் அவைக்காகச் சொல்ல முடியும். கட்டண உயர்வு நல்லது என்பதை 15 பேர் ஒப்ப மாட்டார்கள். எல்லோரையும் பேச விட்டார் என்பதை 46 பேரும் ஒப்புவார்கள்.

தீர்மானம் என்று வந்தால் இன்னொரு நுணுக்கமும் வருகிறது. அதை அவையிடம் வைப்பது யார்? 'எனக்கு நன்றி சொல்லச் சம்மதமா?' என்று தலைவரே கேட்க முடியாது. தலைவருக்குச் சொந்த அக்கறை உள்ள பொருள் வந்தால், அந்தப் பொருளுக்கு மட்டும் வேறொருவரிடம் நடத்தும் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது கம்பெனிக் கூட்டங்களில் எஸ்எஸ்-2 சொல்லும் முறை. நன்றித் தீர்மானத்துக்கு இவ்வளவு சம்பிரதாயம் தேவையில்லை. முன்மொழிந்தவரோ துணைத் தலைவரோ அவையைக் கேட்டால் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடம் கழித்துக் கூட்டம் தலைவர் கைக்குத் திரும்பி வர வேண்டும். முடிவுரையும் நிறைவு அறிவிப்பும் அவருடையவை. நான் மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல் நானே முடித்துவைத்ததுதான் அன்றைய தவறுகளிலேயே பெரியது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு மேடம் பி பிளாக்குக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்த வங்கி மேலாளரிடம், "சார், இந்த வருஷம் நன்றித் தீர்மானத்தை நீங்க முன்மொழியணும்" என்றார்.

அவர் சிரித்தார். "நான் உங்களுக்கு எதிரா ஓட்டு போட்டவன்மா."

"அதுக்குத்தான் சார் கேக்கறேன்."

"இந்த வருஷமும் பெயின்டிங் விஷயத்துல எதிராத்தான் போடுவேன்."

"போடுங்க. அதையும் சொல்லுங்க."

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முன்கூட்டியே எழுதித் தரமாட்டேன், கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவேன், சரியாக நடக்கவில்லை என்றால் பேசவே மாட்டேன். மேடம் ஒப்புக்கொண்டார். யோசித்துப் பார்த்தால், முன்பே எழுதிவைத்த நன்றியில் நடந்த கூட்டம் எப்படி இருக்கும்? என் பழைய பேச்சு முந்தைய நாள் இரவே எழுதியது. 'ஒருமனதாக' என்று எழுதும்போது ஓட்டெடுப்பே நடந்திருக்கவில்லை.

அஜெண்டாவிலும் மாற்றம் செய்தோம். ஆடிட்டர் நியமனம், கணக்கு ஏற்பு போன்ற செய்தே ஆக வேண்டிய பொருள்களை முன்னால் கொண்டுவந்து, சண்டை வரக்கூடிய பெயின்டிங்கை அவற்றுக்குப் பின்னால் வைத்தோம். மைக் செட், செக்யூரிட்டி, எலக்ட்ரீஷியன் நன்றிகளெல்லாம் செயலாளர் அறிக்கைக்குள் போயின. அங்கே என்ன வேலைக்கு நன்றி என்பதையும் சேர்த்துச் சொல்ல இடம் இருந்தது. வெள்ளம் வந்த இரவு மோட்டாரைத் தூக்கி மேலே வைத்த எலக்ட்ரீஷியனை, என் பட்டியலில் 'மற்றும் மின்பணியாளர்' என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சாப்பாட்டை ஒன்றேகால் மணிக்கு முன் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவைத்தோம். கோரத்தைக் காப்பதற்கு இதைவிடச் சிறந்த விதி எனக்குத் தெரியாது.

அன்று வந்தவர்கள் 45 பேர். ஆடிட்டர் நியமனம் பதினொன்றரைக்குள் முடிந்தது. பெயின்டிங்குக்குப் பதினோரு பேர் பேசினார்கள். கை எண்ணியபோது ஒரு வரிசையை இரண்டு முறை எண்ணிவிட்டார்களோ என்ற சந்தேகம் வர, யாரும் கேட்பதற்கு முன்பே மேடம் மறுபடி எண்ணச் சொன்னார். ஆதரவு 33, எதிர்ப்பு 12. பிறகு பிற பொருள். "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டு, உடனே மேலே போகாமல், தண்ணீர் குடித்து, இரண்டாம் முறையும் கேட்டார். ஏ பிளாக்கிலிருந்து லிஃப்ட் பற்றி ஒரு கேள்வி வந்தது. முதல் முறையோடு நிறுத்தியிருந்தால் அது நன்றியுரைக்கு நடுவில்தான் வந்திருக்கும். 'கடைசியா ஒண்ணே ஒண்ணு' என்று எழுகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. நன்றி தொடங்கிவிட்டால் அவர்களை உட்கார வைப்பது அவமதிப்பாகும், பேச விடுவது அஜெண்டாவை மறுபடி திறப்பதாகும். அவர்களுக்கான இடத்தை நன்றிக்கு முன்னால் விட்டுவைப்பதுதான் வழி. அதன் பிறகு செயலாளர் தலைகளை எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்: 41.

வங்கி மேலாளர் எழுந்தார். ஒரு நிமிடம் நாற்பது வினாடி பேசினார்.

"தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். போன வருஷம் கட்டண உயர்வுக்கு எதிரா ஓட்டு போட்ட 15 பேர்ல நானும் ஒருத்தன். இன்னைக்கும் பெயின்டிங்ல அந்த 12 பேர்ல இருக்கேன். அதனால முடிவைப் பத்தி நான் பேசப் போறதில்லை, நடத்தினதைப் பத்தி மட்டும் சொல்றேன். இன்னைக்குப் பதினோரு பேர் பேசினோம். ரெண்டாவது தடவை கை தூக்கினவங்களை, ஒரு தடவைகூடப் பேசாதவங்க முடிச்ச பிறகுதான் கூப்பிட்டாங்க. நான் ரெண்டாவது தடவை கை தூக்கிப் பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன், எனக்கே எரிச்சலா இருந்தது, ஆனா அது சரிதான். எண்ணிக்கையில சந்தேகம் வந்தப்ப நாங்க கேக்கறதுக்கு முன்னாடி மறுபடி எண்ணச் சொன்னாங்க. ரெண்டாவது எண்ணிக்கையிலயும் நான் தோத்தேன். ஆனா எண்ணிக்கை பத்தி வீட்டுக்குப் போய்ப் பேச எனக்கு எதுவும் இல்லை. அதுக்காக இந்தச் சபை தலைவருக்கு நன்றி சொல்லணும்னு கேட்டுக்கறேன்."

சி பிளாக்கில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் வழிமொழிந்தார். "பின்னாடி உக்காந்திருந்த பெரியவங்களுக்கு மைக்கைக் கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னாங்க, அதையும் சேத்துக்கங்க" என்று ஒரே வாக்கியம். துணைத் தலைவர் எழுந்து, "அவைக்குச் சம்மதம்தானே?" என்றார். கைத்தட்டல். நன்றித் தீர்மானத்துக்குக் கை எண்ணக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை, யாராவது எதிர்க்கலாம்கூட. ஆனால் எண்ணும் நிலைக்கு அதைக் கொண்டுபோவது யாருக்கும் நல்லதல்ல. கைத்தட்டலை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். மினிட்ஸில் 'கைத்தட்டலுடன் ஏற்கப்பட்டது' என்று எழுதினால் அது எப்போதும் உண்மை.

முன்மொழிந்தவரின் பேச்சில் கவனிக்க வேண்டியது, அவர் எதைப் புகழ்ந்தார் என்பது. 'திறமையான', 'சீரிய', 'தன்னலமற்ற' என்று ஒரு பெயரடைகூட இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்த இரண்டு செயல்கள், அவ்வளவுதான். நன்றித் தீர்மானத்தைச் சோதிக்க நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அதே பேச்சைச் சென்ற ஆண்டுக் கூட்டத்திலோ பக்கத்துக் குடியிருப்பிலோ படித்தால் பொருந்துமா? பொருந்தினால் அந்தக் கூட்டத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பிறகு மேடத்தின் முடிவுரை. அதை அவர் ஒரு அஞ்சலட்டை அளவுக் காகிதத்தில், கூட்டம் நடக்க நடக்க, முடிவுகள் வர வர எழுதிக்கொண்டே வந்திருந்தார்.

"நன்றி. இன்னைக்கு முடிவானது மூணு. கணக்கு ஏத்துக்கிட்டோம். ஆடிட்டரை நியமிச்சோம். பெயின்டிங் 33க்கு 12ன்னு நிறைவேறியிருக்கு. மூணு கொட்டேஷன் வாங்கி நோட்டீஸ் போர்டுல ஒட்டறது செயலாளர் பொறுப்பு, செப்டம்பர் முதல் ஞாயிறுக்குள்ள. லிஃப்ட் பத்தி முடிவு எதுவும் எடுக்கலை, கமிட்டியில பேசிட்டுச் சொல்றோம், தேதி இப்ப சொல்ல முடியாது. மினிட்ஸ் வரைவு பதினஞ்சு நாள்ல போர்டுல இருக்கும், திருத்தம் இருந்தா எழுத்துல குடுங்க. இப்ப மணி பன்னெண்டு அம்பது. அஜெண்டாவுல வேற பொருள் இல்லை. கூட்டம் முடிஞ்சதுன்னு அறிவிக்கறேன்."

தலைவரின் முடிவுரை எதற்கு என்று கேட்டால் இந்தக் காகிதத்தைக் காட்டலாம். என்ன முடிவானது, என்ன முடிவாகவில்லை, யார் எப்போது செய்ய வேண்டும். புதிய செய்தி எதுவும் இல்லை. முடிவுரையில் புதிதாக ஒன்றை அறிவித்தால், அவைக்கு அதைப் பற்றிக் கேட்க வாய்ப்பில்லாமல் போகும். அவை கேட்கத் தொடங்கினாலோ முடிவுரை முடிவுரையாக இருக்காது. 'தேதி இப்ப சொல்ல முடியாது' என்ற சொற்களை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று நான் நினைக்கிறேன். ஊஞ்சல் கணக்கு.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் கம்பெனிச் செயலாளராக இருப்பவர்களுக்கு இந்த இடம் இன்னும் வழுக்கல். என் நண்பர் ஒருவர் அந்த வேலையில் இருக்கிறார். அங்கே பெரும்பாலான வாக்குகள் கூட்டத்துக்கு முன்பே மின்னணு முறையில் விழுந்துவிடும். அந்த வசதி கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடப்படும். அதில் வாக்களிக்காதவர்கள் கூட்டத்தில் வாக்களிப்பார்கள். இரண்டையும் சேர்த்து எண்ணி அறிக்கை தருவது ஸ்க்ரூட்டினைசர். பங்குச் சந்தைக்கு முடிவைத் தெரிவிக்க இரண்டு வேலை நாள் அவகாசம் உண்டு. ஆக, நன்றி சொல்லும் நேரத்தில் எந்தத் தீர்மானம் நிறைவேறியது என்பது மேடையில் இருப்பவர்களுக்கே தெரியாது. 'தீர்மானங்களை நிறைவேற்றித் தந்த பங்குதாரர்களுக்கு நன்றி' என்று ஓர் இயக்குநர் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டால், எண்ணாத வாக்கின் முடிவை அறிவித்ததாகிவிடும். காணொலிக் கூட்டங்களில் பல கம்பெனிகள் பேச்செல்லாம் முடிந்த பிறகும் கால் மணி நேரம் வாக்களிப்புப் பக்கத்தைத் திறந்து வைக்கின்றன. அதனால் அங்கே தலைவர் நன்றியைப் பெற்றுக்கொண்ட பிறகு சொல்வது, வாக்களிக்காதவர்கள் இன்னும் வாக்களிக்கலாம், முடிவு இந்த நாளுக்குள் இணையதளத்தில் வரும், வாக்களிப்பு முடிந்ததும் கூட்டம் முடிந்ததாகும் என்பதுதான். கை தூக்கி அங்கேயே எண்ணிவிடும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அதனால் எண்ணை அப்படியே சொல்லிவிடலாம்.

எங்களுக்கு வரப்போகும் சிக்கல் வேறு. மூன்றாண்டுக்கு ஒரு முறை நடக்கும் கமிட்டித் தேர்தல் ஆண்டில், கூட்டத்தைத் தொடங்கிய தலைவரே கடைசியில் தலைவராக இருக்க மாட்டார். தேர்தல் நேரத்தில் தேர்தல் அலுவலர் நடத்துவார், முடிவு வந்ததும் புதியவர் வந்துவிடுவார். நன்றி யாருக்கு? தேர்தல் பொருளுக்குள் போவதற்கு முன்பே, மேடம் நாற்காலியில் இருக்கும்போதே, அவருக்கான நன்றித் தீர்மானத்தை எடுத்துவிடுவதென்று பேசியிருக்கிறோம். முடிவு வந்த பிறகு எடுத்தால், அவர் ஜெயித்திருந்தால் அது வாழ்த்தாகவும் தோற்றிருந்தால் ஆறுதலாகவும் கேட்கும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஜனம் எழுந்துவிடக் கூடாது. அதனால் அந்த ஆண்டு அதற்கு நன்றியுரை என்று அஜெண்டாவில் பெயர் வைக்கப் போவதில்லை.

இரண்டாம் ஆண்டு மினிட்ஸில் எட்டாம் பொருளின் கீழ் இருப்பது மூன்றே வாக்கியம்: 'தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, துணைத் தலைவரால் அவையின் முன் வைக்கப்பட்டுக் கைத்தட்டலுடன் ஏற்கப்பட்டது. அப்போது அவையில் இருந்தவர்கள் 41. பிற்பகல் 12.50 மணிக்குத் தலைவர் கூட்டம் முடிந்ததாக அறிவித்தார்.' யார் என்ன பேசினார்கள் என்பது இல்லை, கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரும் வீட்டு எண்ணும் மட்டும். வரைவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது வந்த திருத்தம் ஒன்றே ஒன்று. பி பிளாக்கிலிருந்து, எழுத்தில்: முன்மொழிந்தவர் பெயருக்குக் கீழே வீட்டு எண் தவறாக இருக்கிறது.